கேமரா கார்டு நிறைந்துவிட்டது: ஃபார்மேட் செய்வதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

*"என் சோனி கேமராவின் 64 ஜிபி கார்டு நிறைந்துவிட்டது. தங்கை கல்யாணத்தில் ரா, ஜேபெக் இரண்டும் சேர்த்து எடுத்த படங்கள், நடுவில் சில வீடியோக்கள். DCIM ஃபோல்டரை லேப்டாப்பில் காப்பி செய்தேன். கார்டில் 59 ஜிபி என்று காட்டியது, லேப்டாப்பில் 46 ஜிபிதான் வந்திருக்கிறது. ஃபார்மேட் கொடுக்கப் பயமாக இருப்பதால் கேமராவிலேயே ஒவ்வொரு படமாகப் பார்த்து டெலிட் செய்கிறேன். இரண்டு நாளில் 200 படம் முடிந்தது. எல்லாம் வந்துவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது? ஃபார்மேட் செய்தால் கார்டு கெட்டுப் போகுமா?"*

முதலில் டெலிட் செய்வதை நிறுத்துங்கள். கேமராவை அணைத்து, கார்டை வெளியே எடுத்து, அதன் இடது ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டை LOCK பக்கம் தள்ளிவிடுங்கள். இனி எல்லாம் முடியும் வரை அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்க வேண்டாம்.

குறைகிற 13 ஜிபி பெரும்பாலும் உங்கள் வீடியோக்கள்தான். கேனான், நிக்கான் வைத்திருப்பவர்கள் "DCIM-ஐ மட்டும் எடுத்தால் போதும்" என்று சொல்வார்கள். அவர்களுடைய சாதாரண மாடல்களில் வீடியோவும் DCIM-க்குள்ளேயே விழுவதால் அவர்களுக்கு அது சரிதான். சோனியில் அப்படி இல்லை. படங்கள் DCIM-க்குள் 100MSDCF என்ற ஃபோல்டரில் போகும். XAVC S வீடியோக்கள் அதற்கு வெளியே, கார்டின் மேல்மட்டத்தில் இருக்கும் PRIVATE என்ற ஃபோல்டருக்குள் M4ROOT, அதற்குள் CLIP என்று மூன்று படி இறங்கி, C0001.MP4, C0002.MP4 என்ற பெயர்களில் உட்கார்ந்திருக்கும். AVCHD முறையில் எடுத்திருந்தால் அதே PRIVATE-க்குள் AVCHD என்று வேறொரு ஃபோல்டர். PRIVATE என்ற பெயரைப் பார்த்ததும் ஏதோ கேமராவின் சொந்த விஷயம், நமக்கெதற்கு என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். தாலி கட்டுகிற வீடியோ அதற்குள்தான் இருக்கும்.

ஆகவே எந்த கேமராவாக இருந்தாலும் கார்டைத் திறந்ததும் கண்ணில் படுகிற எல்லா ஃபோல்டரையும் அப்படியே எடுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று கார்டில் வைத்தே பொறுக்காதீர்கள். கழிப்பதை லேப்டாப்பில் பிறகு ஆற அமரச் செய்யலாம்.

அப்புறம், 64 என்று வாங்கிய கார்டு 59 என்று காட்டுகிறதே என்ற சந்தேகமும் இருக்கலாம். கார்டு செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 64 என்கிறார்கள், விண்டோஸ் 1024, 1024-ஆகப் பெருக்கிப் பார்ப்பதால் 59.6 என்கிறது. திருட்டு எதுவும் இல்லை.

காப்பி செய்யும் விதத்துக்கு வருகிறேன். கேமராவைக் கேபிளால் இணைப்பதைவிட கார்டு ரீடர் நல்லது. நடுவில் கேமரா பேட்டரி தீர்ந்தால் காப்பி பாதியில் அறுந்துபோகும். தவிர, கேபிளில் கேமரா முழுக் கார்டையும் காட்டும் என்று சொல்ல முடியாது. இணைப்பு முறையைப் பொறுத்து, தான் காட்ட நினைப்பதை மட்டும் காட்டும். ரீடரில் போட்டால் கார்டு ஒரு டிரைவாகவே தெரியும், PRIVATE உட்பட. யுஎஸ்பி 3 ரீடராக இருந்து கார்டும் ஓரளவு வேகமானதாக இருந்தால் 59 ஜிபிக்குக் கால் மணி நேரம் ஆகலாம். பழைய யுஎஸ்பி 2 ரீடர் என்றால் முக்கால் மணி நேரம்கூட இழுக்கும்.

பூட்டைத் தள்ளச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பூட்டிய கார்டில் கம்ப்யூட்டர் எதையும் எழுதாது. தெரியாமல் கட் பேஸ்ட் கொடுத்துவிட்டால்கூட கார்டிலிருந்து எதுவும் அழியாது. விண்டோஸ் சில நேரம் இந்த டிரைவில் ஏதோ கோளாறு, ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா என்று கேட்கும். நாம் பழக்கதோஷத்தில் சரி என்று அழுத்திவிடுவோம். காப்பி எடுக்கும் முன் அதைச் செய்யவே கூடாது. அது சரிசெய்வது கார்டின் கணக்கைத்தான். கணக்கு நேராவதற்காக ஒட்டாத ஃபைல்களை வெட்டிவிடவும் செய்யும். மைக்ரோ எஸ்டி கார்டில் இந்தப் பூட்டு இல்லை, அதைச் சொருகும் அடாப்டரில் இருக்கும்.

எங்கே காப்பி செய்கிறோம் என்பதும் முக்கியம். இதில் நான் ஒருமுறை நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். உறவினர் வீட்டு வளைகாப்பு, இரண்டு நாள் விசேஷம். முதல் நாள் படங்களை லேப்டாப்பில் 'வளைகாப்பு' என்ற ஃபோல்டரில் போட்டேன், கார்டை ஃபார்மேட் செய்தேன். மறுநாள் எடுத்ததையும் அதே ஃபோல்டரில் இழுத்துப் போட்டேன். என் கேமராவில் ஃபைல் எண், ஒவ்வொரு ஃபார்மேட்டுக்குப் பிறகும் 0001-இலிருந்து தொடங்கும்படி வைக்கப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. முதல் நாள் 0001-உம் மறுநாள் 0001-உம் ஒரே பெயர். விண்டோஸ் `Replace the files in the destination` என்று கேட்டது, தூக்கக் கலக்கத்தில் அதையே அழுத்தினேன். முதல் நாள் படங்களில் முன்னூறுக்கு மேல் போயிற்று. கார்டிலோ மறுநாள் படங்கள் ஏற்கெனவே மேலே எழுதப்பட்டுவிட்டன. கேமராவையோ கார்டையோ குறை சொல்ல வழியே இல்லை.

அன்றிலிருந்து ஒரு கார்டுக்கு ஒரு புது ஃபோல்டர், பெயரில் தேதியும் கார்டு எண்ணும். வெறும் ஃபோல்டருக்குள் காப்பி போகும்போது அந்த Replace கேள்வி எழவே எழாது. எழுந்தால் ஏதோ தப்பு என்று புரிந்துகொண்டு அங்கேயே நிறுத்திவிடலாம். எண் எப்போதும் தொடர்ந்து ஓடும்படியும் வைத்துக்கொண்டேன். உங்கள் சோனியில் File Number என்ற அமைப்பில் Series என்று இருக்கிறதா என்று பாருங்கள். Reset என்றிருந்தால் மாற்றிவிடுங்கள். Series-இல் இருந்தாலும் 9999-க்குப் பிறகு எண் மறுபடி 0001-க்குத் திரும்பும் என்பதால், தனி ஃபோல்டர் பழக்கம் எப்படியும் வேண்டும்.

உங்கள் விஷயத்தில் DCIM ஏற்கெனவே வந்துவிட்டது. அது இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, அதற்குப் பக்கத்திலேயே PRIVATE-ஐயும், கார்டில் வேறு ஃபோல்டர் ஏதாவது இருந்தால் அதையும் காப்பி செய்யுங்கள். DCIM-ஐத் தொடாதீர்கள், ஏனென்றால் நீங்கள் டெலிட் செய்த அந்த 200 படங்கள் இப்போது அங்கே மட்டும்தான் இருக்கின்றன.

இனி சரிபார்ப்பது. காப்பி ஜன்னல் நூறு சதவீதம் காட்டி மூடிக்கொண்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். விண்டோஸ் எழுதி முடித்தேன் என்று சொல்கிறதே தவிர, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை. ரீடரின் தொடர்பு தளர்வாக இருந்தாலோ கேபிள் மோசமாக இருந்தாலோ ஒரு ஃபைலின் நடுவில் சில பைட்டுகள் மாறி விழலாம், எந்த எச்சரிக்கையும் வராமல்.

முதல் பார்வைக்கு எண்ணிக்கையும் அளவும் போதும். கார்டில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வலது கிளிக், Properties. லேப்டாப் ஃபோல்டருக்குள்ளும் அதேபோல். ஃபைல் எண்ணிக்கையையும், Size என்ற வரியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பைட் எண்ணையும் ஒப்பிடுங்கள். அதன் கீழே இருக்கும் Size on disk என்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கார்டும் ஹார்டு டிஸ்கும் இடத்தை வெவ்வேறு அளவுத் துண்டுகளாகப் பிரிப்பதால் அது ஒத்துப்போகாது.

சாதாரணமாக இரண்டு எண்களும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். உங்களுக்கு இருக்காது! ஒவ்வொன்றாக டெலிட் செய்ததன் முதல் விலை இது. உதாரணத்துக்கு, கார்டில் 1,400 படங்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். ரா, ஜேபெக் சேர்த்து 2,800 ஃபைல். 200 படத்தை அழித்தபோது ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஃபைல் போயிருக்கும். அப்படியானால் கார்டின் DCIM-இல் இப்போது 2,400, லேப்டாப்பில் 2,800. வித்தியாசம் சரியாக 400 என்றால் நிம்மதி. 390 என்றாலோ 412 என்றாலோ என்ன செய்வீர்கள்? 200 என்று சொன்னது உங்கள் ஞாபகக் கணக்குதானே. எண்ணிக்கையை வைத்து இனி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதனால் ஃபைலின் உள்ளடக்கத்தையே ஒப்பிட வேண்டும். ஒரு ஃபைலின் எல்லா பைட்டுகளையும் படித்து அதற்கு ஒரு நீண்ட கைரேகை எண் தயாரிக்கலாம், அதை ஹேஷ் என்பார்கள். ஒரே ஒரு பைட் மாறினாலும் ஹேஷ் முழுதாக மாறிவிடும். விண்டோஸில் இதற்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பவர்ஷெல் திறந்து கீழே இருப்பதைப் போடுங்கள். கார்டு E டிரைவ் என்றும், லேப்டாப் ஃபோல்டர் `D:\kalyanam_card1` என்றும் எடுத்துக்கொண்டிருக்கிறேன், உங்களுடையதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

```
$a = Get-ChildItem E:\ -Recurse -File | Get-FileHash
$b = Get-ChildItem D:\kalyanam_card1 -Recurse -File | Get-FileHash
Compare-Object $a $b -Property Hash -PassThru |
  Select-Object SideIndicator, Path
```

இரண்டு பக்கமும் முழுவதையும் படிக்க வேண்டியிருப்பதால் காப்பி எடுத்த நேரமோ அதற்கு மேலோ ஆகும். திரை சும்மா இருக்கிறதே என்று மூடிவிடாதீர்கள். முடிந்ததும் ஒத்துப்போகாத ஃபைல்களை மட்டும் பட்டியலிடும். `<=` என்று தொடங்கும் வரி, கார்டில் இருந்து லேப்டாப்பில் அதேபோல் இல்லாத ஃபைல். `=>` என்பது லேப்டாப்பில் மட்டும் இருப்பது. உங்களுக்கு `<=` ஒன்றுகூட வரக் கூடாது. வந்தால் அந்த ஃபைலை மட்டும் மறுபடி காப்பி செய்து, திரும்பவும் ஓட்டிப் பாருங்கள். ஒரே ஃபைல் இரண்டு பட்டியலிலும் வந்தால், வந்து சேர்ந்திருக்கிறது, ஆனால் சேதமாக வந்திருக்கிறது என்று பொருள். அடிக்கடி அப்படி வந்தால் வேறு ரீடர், வேறு யுஎஸ்பி துளை மாற்றிப் பாருங்கள்.

மீதியாக வரும் `=>` வரிகள்தான் நீங்கள் அழித்த படங்கள், நம் கணக்குப்படி சுமார் 400. அவற்றின் அசல் கார்டில் இல்லாததால் அவற்றை மட்டும் ஹேஷ் வைத்துச் சரிபார்க்க வழியில்லை. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு டெர்மினலில் ஒரு வரி போதும், கார்டின் பெயர் Untitled என்றிருந்தால்:

```
diff -rq /Volumes/Untitled ~/Desktop/kalyanam_card1
```

கமாண்டே வேண்டாம் என்பவர்கள் விண்டோஸில் டெராகாப்பி போன்ற இலவச மென்பொருளில், காப்பி முடிந்ததும் சரிபார்க்கும் Verify வசதியைப் பயன்படுத்தலாம்.

ஒரு சின்ன நுணுக்கம். இப்போதுதான் எழுதிய ஃபைலைத் திரும்பக் கேட்டால், கம்ப்யூட்டர் டிஸ்கிலிருந்து படிக்காமல் தன் நினைவகத்தில் மிச்சமிருக்கும் நகலைக் காட்டிவிடலாம். டிஸ்கில் உண்மையில் என்ன விழுந்தது என்று தெரியாது. காப்பி முடிந்ததும் லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு ஹேஷ் ஓட்டுங்கள். வெளி ஹார்டு டிஸ்க் என்றால் முறையாக எஜெக்ட் கொடுத்து, பிடுங்கி மறுபடி சொருகினால் போதும்.

வெளி ஹார்டு டிஸ்க் என்றதும் ஞாபகம் வருகிறது: கார்டை ஃபார்மேட் செய்த நொடியில் உங்களிடம் இருப்பது லேப்டாப்பில் ஒரே ஒரு பிரதி. அதற்கு முன் இன்னொரு டிஸ்கில் இரண்டாவது பிரதி எடுத்து, அதற்கும் இதே கமாண்டை ஓட்டுங்கள். இந்த முறை கார்டுக்குப் பதிலாக லேப்டாப் ஃபோல்டருடன் ஒப்பிடுங்கள், அழித்த 400-உம் அதில் அடங்கிவிடும். அதில் ஒரு வரிகூட வரக் கூடாது.

ஹேஷ் பொருந்திவிட்டால் நகல் மூலத்தைப் போலவே இருக்கிறது என்றுதான் பொருள். மூலமே கெட்டிருந்தால் கெட்டது அப்படியே பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும். கார்டு மட்டமாக இருந்தாலோ, எழுதும்போது பேட்டரியைக் கழற்றியிருந்தாலோ இப்படி ஆகும். இதற்குக் கண்தான் சோதனை, அதுவும் சின்னப் படங்களின் வரிசையைப் பார்ப்பது போதாது. ஃபைலின் தொடக்கத்தில் கேமரா ஒரு சிறிய முன்னோட்டப் படத்தைத் தனியாகச் சேர்த்து வைத்திருக்கும். லேப்டாப்பின் வரிசையும் கேமராவின் திரையும் பெரும்பாலும் அதையே காட்டும். பின்னால் உண்மைப் படத்தின் பாதி சாம்பல் நிறமாகப் போயிருந்தாலும் முன்னோட்டம் பளிச்சென்று சிரிக்கும். படத்தைத் திறந்து நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிக் கீழ் ஓரம் வரை பாருங்கள். கெட்ட ஜேபெக்கில் கோளாறு பெரும்பாலும் மேலிருந்து கீழாகத்தான் தெரியும்: ஒரு கோட்டுக்குக் கீழே நிறம் மாறியிருக்கும், அல்லது பட்டையாகச் சாம்பல் நிறம்.

எல்லாவற்றையும் அப்படிப் பார்ப்பது நடக்காத காரியம். அழித்த 200 படங்களின் ஜேபெக்கை எப்படியும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், அம்புக்குறி விசையைத் தட்டிக்கொண்டே போனால் கால் மணி நேர வேலை. மற்றவற்றில் அங்கங்கே பத்திருபது, விட முடியாத சடங்குகள், அப்புறம் கார்டு நிறைந்த நேரத்தில் எடுத்த கடைசிச் சில ஃபைல்கள். வீடியோ ஒவ்வொன்றையும் திறந்து கடைசிப் பத்து விநாடிக்கு இழுத்துப் பாருங்கள். 0 KB என்று ஏதாவது இருக்கிறதா என்று அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் உடனே தெரியும்.

இவ்வளவும் ஆன பிறகு ஃபார்மேட் வெறும் சடங்கு. அது கார்டில் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பயமும் போய்விடும். கார்டின் தொடக்கத்தில் ஒரு பதிவேடு இருக்கிறது, எந்தப் படம் எந்த இடத்தில் என்று அதில்தான் குறிப்பு. ஒரு படத்தை டெலிட் செய்தால் கேமரா அந்தப் படத்தை அழிப்பதில்லை. பதிவேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, அந்த இடம் காலி என்று எழுதிக்கொள்கிறது. பட்டாவில் பெயரை அடித்தார்களே தவிர வீட்டை இடிக்கவில்லை. ஃபார்மேட் என்பது பழைய பதிவேட்டை மொத்தமாக ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று திறப்பது. அதிலும் பெரும்பாலான கேமராக்களில் வீடுகள் அப்படியேதான் நிற்கும், புதுப் படம் வந்து மேலே கட்டும் வரை. அதனால்தான் தவறாக அழித்த கார்டிலிருந்தும், தவறாக ஃபார்மேட் செய்த கார்டிலிருந்தும் போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் படங்களை மீட்க முடிகிறது. நீங்கள் அழித்த 200-இல் ஏதாவது லேப்டாப்பில் கெட்டிருப்பது தெரிந்தால் அதற்கு வழி இதுதான். கார்டில் இனி படம் எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான். விதிவிலக்கு, கேனான் கேமராக்களில் இருக்கும் Low level format. அது இடத்தையும் துடைத்துவிடும், அதற்குப் பிறகு மீட்பை நம்ப முடியாது.

ஆக, ஒவ்வொன்றாக அழிப்பதில் கூடுதல் பாதுகாப்பு எதுவும் இல்லை. இருப்பது தொல்லைதான். இரண்டு நாளில் 200 என்றால் மீதி 1,200-க்கு இன்னும் பன்னிரண்டு நாள். அங்கங்கே அழிப்பதால் காலியிடம் துண்டு துண்டாகச் சிதறும், அடுத்த முறை பெரிய வீடியோவை எழுதும்போது கேமரா அந்தச் சந்துகளில் இடம் தேட வேண்டியிருக்கும். லேப்டாப்பில் கார்டைப் போட்டு அழித்தால் இன்னொரு சிக்கல்: சோனி தன் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, வெளியில் எதையாவது மாற்றினால் அடுத்த முறை Image Database File பிழை என்று கேமரா முனகும். மேக்கில் அழித்தால் ஃபைல்கள் கார்டிலேயே .Trashes என்ற மறைவான ஃபோல்டருக்குப் போய்விடும், குப்பைத் தொட்டியைக் காலி செய்யும் வரை இடமே கிடைக்காது. "எல்லாம் அழித்துவிட்டேன், கார்டு இன்னும் நிறைந்தே இருக்கிறது" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இந்த ஆட்கள்தான்.

கார்டு கெடுமா என்றால், கெடாது. ஃபார்மேட்டில் எழுதப்படுவது அந்தப் பதிவேடும் சில ஃபோல்டர்களும் மட்டுமே. ஒரு நிமிட வீடியோ எடுப்பது அதைவிட அதிகமாக எழுதும். கார்டு தேய்வது அப்படி எழுதி எழுதித்தான். திடீரென்று போவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: கேமராவின் சிவப்பு விளக்கு எரியும்போதே கார்டைப் பிடுங்குவது, இல்லையென்றால் போலிக் கார்டு.

ஃபார்மேட்டைப் படம் எடுக்கப்போகும் அதே கேமராவில், மெனுவில் இருக்கும் Format வரியில் கொடுங்கள். லேப்டாப்பில் கொடுத்தால் வேறு முறையில் அமைந்துவிடலாம், கேமராவுக்கு வேண்டிய ஃபோல்டர்களும் இருக்காது. கேமராவில் Protect கொடுத்துப் பாதுகாத்து வைத்த படங்களும் இதில் போய்விடும். அந்தப் பாதுகாப்பு டெலிட்டுக்கு மட்டும்தான். முடிந்ததும் ஒரு படமும் பத்து விநாடி வீடியோவும் எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

கார்டை கேமராவில் போடும்போது ஓரத்துப் பூட்டைத் திரும்பத் தள்ளிவிடுங்கள். மறந்தால் ஃபார்மேட்டே ஓடாது. நானும் ஒருமுறை கார்டு செத்துவிட்டது என்று கடைக்குக் கிளம்பிவிட்டேன், வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் ஞாபகம் வந்தது.